13-க்கு பைனரி 1101, ஆனால் விடை 1011?

"13-ஐ பைனரியா மாத்தினா 1101 வருது. ஆனா கீழே இருக்கிற புரோகிராமோட அவுட்புட் 1011னு விடைத்தாள்ல போட்டிருக்கு. எது சரி?"

```
n = 13
while n > 0:
    print(n % 2, end="")
    n = n // 2
```

1011 என்றே எழுதுங்கள். கேள்வி கேட்பது திரையில் என்ன வரும் என்பதை. 13-இன் பைனரியை அல்ல.

இரண்டால் வகுக்கும்போது முதலில் கிடைக்கும் மீதி, பைனரி எண்ணின் வலது ஓர இலக்கம். கையால் போடும்போது மீதிகளைக் கீழிருந்து மேலாக எடுத்து எழுதுகிறோம். இந்த புரோகிராமோ மீதி வர வர உடனே அச்சிட்டுவிடுகிறது, அதனால் வரிசை தலைகீழாகிறது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி போட்டுப் பாருங்கள்:

1. n 13: மீதி 1, ஈவு 6
2. n 6: மீதி 0, ஈவு 3
3. n 3: மீதி 1, ஈவு 1
4. n 1: மீதி 1, ஈவு 0, சுற்று நிற்கும்

மேலிருந்து கீழ் 1011. அதைத் திரும்ப மாற்றினால் 8+2+1, அதாவது 11, 13 இல்லை.

5, 9 போன்ற எண்களை வைத்துச் சோதிக்காதீர்கள். 101, 1001 இரண்டும் எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான், தவறு தெரியாது. 6 போட்டால் 011 என்று வரும், உடனே பிடிபடும்.

புரோகிராமில் மீதியை அச்சிடும் வரி சுற்றுக்குள் இல்லாமல், மீதிகளை இடப்பக்கம் சேர்த்துக்கொண்டே போய் கடைசியில் ஒரே முறை அச்சிட்டால் மட்டும் விடை 1101.