தள்ளினால் விழாமல் காப்பது கணுக்காலா, இடுப்பா?

ரோஸ்ஹில்லிலிருந்து போர்ட் லூயி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன். லேசான பிரேக்குக்கு உடம்பு மட்டும் ஆடுகிறது. பலமாகப் போட்டால் இடுப்பு மடங்கிவிடுகிறது. ஏன்?

லேசாக முன்னே சாயும்போது உடம்பு கணுக்காலை அச்சாக வைத்து ஒரே கம்பம் போல் ஆடும். சுமார் 0.1 நொடிக்குள் கெண்டைத்தசை இறுகி, முன்பாதத்தைத் தரையில் அழுத்தும். பிறகு பின்தொடையும் முதுகும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்த அழுத்தம் பாதத்தின் நீளத்துக்குள்தான் செல்லும். சாய்வு வேகமானால் அது போதாது. அப்போது வயிறும் முன்தொடையும் இறுகி மேலுடம்பைக் குனியவைக்கும், புட்டம் பின்னே தள்ளும், எடை பாதத்தின் மேல் திரும்பும். அதற்கும் மிஞ்சினால் ஓர் அடி எடுத்து வைப்பதே வழி. ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நின்றால் பிரேக்கைச் சமாளிப்பது எளிது.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. காலையில் முகம் கழுவும்போது மட்டும் முன்னே சாய்ந்துவிடுகிறார். கண்ணில் கோளாறா?

கண்ணைவிடப் பாதத்தைச் சந்தேகியுங்கள். நல்ல வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும்போது சமநிலைக்கான செய்தியில் பெரும்பங்கு பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் வருகிறது. உட்செவிக்கும் கண்ணுக்கும் பங்கு குறைவு. சர்க்கரையால் பாத நரம்பு மரத்தால் கண் அந்தக் குறையை ஈடுகட்டும். முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடிக் குனியும் நொடியில் அந்தத் துணையும் போய்விடுகிறது.

வீட்டில் பார்க்கலாம். சுவர் மூலையில் முதுகைக் காட்டி, முன்னால் நாற்காலி வைத்து, பாதங்களைச் சேர்த்து, கைகளைக் கட்டி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். கண் திறந்து 30 நொடி, பிறகு மூடி 30 நொடி. திறந்தபோது நின்று, மூடியதும் தடுமாறினால் பெரும்பாலும் பாத நரம்புதான். திறந்தபோதே நிற்க முடியாவிட்டால் வேறு காரணம், சிறுமூளை உட்பட, தேட வேண்டும். டாக்டர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார். அதுவரை உட்கார்ந்து முகம் கழுவட்டும், அல்லது ஒரு கை பேசினைப் பிடித்திருக்கட்டும். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும்.

அப்படியானால் உட்செவி கெட்டவருக்கும் இந்தச் சோதனையில் தெரியுமா?

எல்லா நேரமும் தெரியும் என்று சொல்ல முடியாது. இரு உட்செவியும் கெட்டவர் கெட்டித் தரையில் கண் மூடியும் நிற்கக்கூடும், பாதம் சரியாக இருப்பதால். பாதத்தின் செய்தி குழம்பும்படி தடித்த நுரைமெத்தையில் கண் மூடி நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இருட்டில் கடற்கரை மணலில் அவர் தத்தளிப்பதும் இதனால்தான்.

குறுகலான திண்டில் குறுக்காக நின்றால் எனக்குக் கால் நிற்கவில்லை. கணுக்கால் பலவீனமா?

அவசியமில்லை. விரலும் குதிகாலும் வெளியே தொங்கினால் கணுக்கால் அழுத்த இடமே இல்லை, இடுப்பு வேலை செய்தாக வேண்டும். தலையும் மேலுடம்பும் வேகமாக அசையும் அந்த நேரத்தில் உட்செவியின் கணக்கு தேவை. இரு உட்செவியும் கெட்டவர்கள் தரையில் நன்றாக நின்று, இங்கே மட்டும் விழுவார்கள். தலைசுற்றலோ, நடக்கும்போது பார்வை குலுங்குவதோ கூடவே இருந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.