வீட்டுக்குத் தெரியாமல் கார்டில் எடுக்கும் சம்பளம்

கேள்வி: எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். 1,40,000 ரூபா சம்பள வேலையை விட்டுவிட்டு இணையத்தளம் வடிவமைக்கும் வேலையை பிரீலான்ஸாகச் செய்கிறேன். கடந்த 12 மாதத்தில் கமிஷன் போக வங்கிக்கு வந்தது 27 லட்சம். நல்ல மாதத்தில் 4 லட்சத்துக்கு மேல் வரும், அப்போது அம்மாவிடம் ஒன்றரை லட்சம் கொடுப்பேன். சில மாதங்களில் 50 ஆயிரம்கூட வராது. அவர்கள் பயப்படக்கூடாது என்று கிரெடிட் கார்டில் காசெடுத்து 80 ஆயிரம் கொடுத்துவிடுவேன். கார்டில் இப்போது 2,85,000 நிற்கிறது. புறக்கோட்டை புடவைக்கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அப்பா, "ஈபிஎஃப் இல்லாத வேலை ஒரு வேலையா?" என்கிறார். மச்சான் போரெக்ஸ் டிரேடிங் செய்யச் சொல்கிறான். வீட்டுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், கொழும்பு 6

பதில்: தம்பி, பிரீலான்ஸ் என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்குவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் வருமானத்தில் பெரிய பழுதில்லை. பழுது அந்த 80 ஆயிரத்தில் இருக்கிறது. வராத சம்பளத்தைக் கடன் வாங்கி வந்ததாகக் காட்டுகிறீர்கள். கார்டால் கடையில் பொருள் வாங்கினால் சில வாரம் வட்டியில்லாத தவணை கிடைக்கும். ஏடிஎம்மில் காசாக எடுத்தால் அது கிடையாது. எடுத்த அன்றே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. உங்கள் கார்டின் கூற்றில் வட்டி வீதத்தைப் பாருங்கள். நான் 26 வீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 2,85,000க்கு மாதம் ஆறாயிரத்துக்கு மேல் வட்டி மட்டும் போகிறது. அம்மா நிம்மதியாக இருப்பதற்கு நீங்கள் கட்டும் வாடகை அது. ஒருநாள் கார்டுக் கூற்று அவர் கையில் அகப்பட்டால் அந்த நிம்மதியும் போய்விடும், அப்புறம் நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கையும் வீட்டில் நம்பமாட்டார்கள்.

இப்போது பழைய வேலையோடு நேர்மையாக ஒப்பிடுவோம். பிரீலான்ஸ் செய்கிறவர்கள் 27 லட்சத்தை 12ஆல் பிரித்து "மாதம் இரண்டேகால் லட்சம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. இன்டர்நெட், மென்பொருள் சந்தா, மடிக்கணினித் தேய்மானம் எல்லாவற்றுக்கும் மாதம் 22 ஆயிரம் வைத்தால் வருடத்துக்கு 2.64 லட்சம் போகும். மிஞ்சுவது 24.36 லட்சம். அதில் 18 லட்சம் வரை வரியில்லை. மேலே இருக்கும் 6.36 லட்சத்துக்கு 6 வீதம் என்றால் வரி சுமார் 38 ஆயிரம். ஆக, கையில் 24 லட்சம்.

பழைய வேலையில் 1,40,000 சம்பளத்துக்கு மேல் முதலாளி ஈபிஎஃப் 12 வீதம், ஈடிஎஃப் 3 வீதம் போட்டிருப்பார். மாதம் 21 ஆயிரம். அந்தச் சம்பளத்துக்கு வருமான வரியும் வராது. வருடத்துக்கு 19.3 லட்சம். ஐந்து வருடம் நின்றிருந்தால் பணிக்கொடை, சம்பளத்தோடு லீவு, இவை வேறு. அப்படியென்றால் நீங்கள் கூடுதலாக உழைப்பது வருடத்துக்கு 4.7 லட்சம், மாதம் 39 ஆயிரம் அளவில்தான். அப்பா பயப்படுமளவுக்கு உங்கள் நிலை மோசமில்லை. நீங்கள் 4 லட்சம் வந்த மாதத்தில் நினைத்துக்கொண்டது போல அவ்வளவு பெரிதுமில்லை.

உங்களுக்குக் காசு வெளிநாட்டிலிருந்து டொலரில் வருவதால் அதன் விலையைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது, அந்த விலையிலேயே வீட்டுச் செலவைக் கட்டிக்கொண்டவர்கள் அடுத்த வருடம் அது 300 பக்கம் இறங்கியதும் திணறினார்கள். மாதாந்தத் தொகையை முடிவுசெய்யும்போது அன்றைய விலையிலிருந்து ஒரு பத்து வீதம் குறைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் கீழே சொல்லும் தொகை அதைத் தாங்கும்.

அந்தத் தொகை 1,20,000. வெளிநாட்டிலிருந்து வரும் காசு முழுதும் விழ ஒரு தனிக் கணக்கு வைத்திருங்கள். அதற்கு ஏடிஎம் கார்டு வேண்டாம். ஒவ்வொரு 25ஆம் திகதியும் அதிலிருந்து 1,20,000 உங்கள் சம்பளக் கணக்குக்குப் போக வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். அதில் 80 ஆயிரம் அம்மாவுக்கு, 40 ஆயிரம் உங்களுக்கு. 4 லட்சம் வந்தாலும் அதேதான், 40 ஆயிரம் வந்தாலும் அதேதான். நல்ல மாதத்தில் அம்மாவுக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அடுத்த மாதத்தின் 80 ஆயிரத்தைத்தான் நீங்கள் அங்கே முன்கூட்டியே செலவழிக்கிறீர்கள்.

மூன்று மாதத்தை ஓட்டிப் பார்ப்போம். முதல் மாதம் 4,30,000 வருகிறது. சம்பளமும் தொழில் செலவுமாக 1,42,000 போக 2,88,000 நிற்கும். இரண்டாம் மாதம் வெறும் 45 ஆயிரம் வருகிறது, அதே 1,42,000 போகிறது, மீதி 1,91,000. மூன்றாம் மாதம் இரண்டு லட்சம் வந்தால் மீதி 2,49,000. இதே மூன்று மாதத்தை முன்பு எப்படிக் கழித்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் மாதம் ஏடிஎம் வாசலில் நின்றிருப்பீர்கள்.

மிஞ்சுவதில் முதலில் கார்டுக் கடனை அடையுங்கள். ஆனால் ஒரு மாதச் சம்பளமான 1,20,000ஐ அந்தக் கணக்கில் எப்போதும் விட்டுவைத்து, அதற்கு மேலே இருப்பதை மட்டும் கட்டுங்கள். ஆர்வத்தில் முழுதையும் கட்டிவிட்டு அடுத்த வெற்று மாதத்தில் மறுபடி கார்டிடம் போகிறவர்கள் நிறையப் பேர். சராசரியாக மாதம் 80 ஆயிரம் மிஞ்சுவதால் ஆறு மாதத்தில் கார்டு தீரும். அதுவரை சேமிப்புத் திட்டம் எதையும் தொடங்க வேண்டாம். 26 வீதம் வட்டி கட்டிக்கொண்டு நிலையான வைப்புப் போடுவதில் பொருளில்லை. கார்டு தீர்ந்தபின் மாதம் மிஞ்சும் அந்த 80 ஆயிரத்தில் 30 ஆயிரம் ஓய்வுகாலத்துக்கு, 50 ஆயிரம் அதே தனிக் கணக்கில். ஆறு மாதச் செலவான எட்டரை லட்சம் சேர இன்னும் ஒன்றேகால் வருடம் எடுக்கும்.

சரி, அப்பா. ஈபிஎஃப் பற்றி அவர் கேட்பது வீண் பிடிவாதம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு கடையில் எழுதியவருக்கு கடைசியில் கையில் வந்த பெரிய தொகை அதுவாகத்தான் இருந்திருக்கும். பழைய வேலையில் சேர்ந்த உங்கள் ஈபிஎஃப் காசு எங்கும் போகவில்லை, 55 வயது வரை வட்டியோடு அங்கேயே இருக்கும் என்று சொல்லுங்கள். சுயதொழில் செய்கிறவர் ஈபிஎஃப்பில் தானாகச் சேர முடியாது, ஆனால் ஈடிஎஃப்பில் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையிலும் சுயதொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் உண்டு. அந்த 30 ஆயிரத்தில் ஒரு சிறு பகுதியை இவற்றில் போட்டு, மீதியை நிலையான வைப்பில் வையுங்கள். பழைய வேலையில் உங்கள் பங்கும் முதலாளி பங்கும் ஈடிஎஃப்பும் சேர்ந்து மாதம் 32,200 போனது. இப்போது 30 ஆயிரம் போகிறது. அவருக்குப் புரியும் பதில் இதுதான்.

அதோடு, வரவேண்டிய காசின் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி மாதம் ஒருமுறை அவரிடம் காட்டுங்கள். எந்த வாடிக்கையாளர், எவ்வளவு, எந்தத் திகதிக்கு என்று மூன்று நிரல் போதும். பைவர் போன்ற பிரீலான்ஸ் தளத்தில் வேலை முடிந்த பிறகும் காசு விடுபட இரண்டு வாரம் பிடிக்கும், அதையும் குறியுங்கள். கடன் வியாபாரம் அவருக்குப் புதிதில்லை. தீபாவளி மாத விற்பனையை வைத்து எந்தக் கடை முதலாளியும் வருடம் முழுதுக்கும் வீட்டுச் செலவு போடுவதில்லை என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவரே பாதிக்கு மேல் தருகிறார் என்று அந்தப் பட்டியல் காட்டினால் அவர் கட்டாயம் கேட்பார், கேட்கவும் வேண்டும். அது ஈபிஎஃப் இல்லாத ஒற்றை முதலாளி வேலை. அந்த ஆள் நிறுத்தினால் உங்கள் 1,20,000 சில மாதம்கூடத் தாங்காது.

கார்டுக் கடனையும் அன்றே சொல்லிவிடுங்கள், அடைக்கும் திட்டத்தோடு சேர்த்து.

வீட்டார் கேட்கும் இன்னொன்று, "நாளைக்கு வங்கிக்கடன், விசா என்று போனால் எந்தக் கடிதத்தைக் காட்டுவாய்?" அந்தக் கடிதம் வரிக் கோப்புதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, ஒவ்வொரு வருடமும் நவம்பர் 30க்குள் விவரத்திரட்டுக் கொடுங்கள். வெளிநாட்டாருக்குச் செய்யும் இந்த வகைச் சேவைக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, உச்ச வீதம் 15. இந்தச் சலுகைக்குக் காசு வங்கியூடாக நாட்டுக்குள் வரவேண்டும். அதனால் லண்டனில் இருக்கும் சித்தப்பா "உன் டொலரை எனக்குப் போடு, அங்கே ரூபாவாகத் தரச்சொல்கிறேன், இரண்டு ரூபா கூட" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படி உண்டியலில் வந்த காசுக்கு எந்த வங்கி முகாமையாளரும் கடன் தரமாட்டார். வருடத்துக்கு 38 ஆயிரம் வரி கட்டிய இரண்டு வருடக் கோப்பு இருந்தால் பேச்சே வேறு.

மச்சானின் போரெக்ஸுக்கு நான் நீளமாகப் பதில் எழுதப் போவதில்லை. ஒரு மாதம் 4 லட்சம், மறுமாதம் 45 ஆயிரம் என்று ஆடுகிற வருமானத்துக்குப் பக்கத்தில், இன்னும் வேகமாக ஆடுகிற ஒன்றைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார். ஆட்களைச் சேர்த்தால் கமிஷன் என்றும் அதில் இருந்தால் அது பிரமிட் திட்டம், இந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒரு எல்லை. கார்டு தீர்ந்தபின், தொடர்ந்து மூன்று மாதம் சேர்த்து வந்தது 4,26,000க்குக் குறைந்தால், அதாவது சம்பளமும் செலவும்கூட ஈடாகாத நிலை வந்து, தனிக் கணக்கும் இரண்டு மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால், அன்றே வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள். கணக்கு காலியாகும்வரை பார்த்திருந்தால் கிடைத்த வேலையைக் கிடைத்த சம்பளத்துக்கு எடுக்க வேண்டிவரும். இரண்டு மாதக் காசு கையிலிருந்தால் பேரம் பேசலாம். இந்த எல்லையை இப்போதே அப்பாவிடம் எண்ணோடு சொல்லுங்கள். அப்படி வேலைக்குப் போகும் நிலை வந்தால், நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். இல்லையென்றால் பழைய வாடிக்கையாளர் ஓரிருவரை மாலை வேலையாக வைத்துக்கொள்ளலாம்.