வேலையை விட்டுவிட்டு பி.இ. படிக்கலாமா?

“டிப்ளமோ முடித்து மாதம் 18,000 வாங்குகிறேன். 3 ஆண்டு பி.இ. படித்தால் 28,000 கிடைக்குமாம். கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சம். லாபமா?”

கட்டணத்தைவிடப் பெரிய செலவு, நீங்கள் இழக்கும் சம்பளம். அது ஆண்டுக்கு 2.16 லட்சம், கட்டணத்தோடு 3.16 லட்சம். சாப்பாட்டுச் செலவு எப்படியும் உண்டு, சேர்க்காதீர்கள்.

பிறகு 35 ஆண்டுகள், ஆண்டுக்கு 1.2 லட்சம் கூடுதல் வருமானம். கூட்டினால் 42 லட்சம்! ஆனால் பெரும்பகுதி வெகுகாலம் கழித்து வரும் பணம்; இன்று கையில் உள்ள பணத்தைவிட அதன் மதிப்பு குறைவு. 10 சதவீத வட்டியில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரவு சுமார் 8.7 லட்சம், மூன்று ஆண்டுச் செலவு 7.9 லட்சம். லாபம் அவ்வளவுதான். சம்பள வித்தியாசம் மாதம் 9,000க்குக் கீழே போனாலோ, படித்தபின் ஓராண்டு வேலையின்றி இருந்தாலோ நட்டம். ஆகவே, அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் உண்மையில் வாங்கும் சம்பளத்தை முதலில் விசாரியுங்கள்.