கோகுலாஷ்டமி சிராவணமா, பாத்ரபதமா? – கேள்வி பதில்

கேள்வி (கான்பூரில் வேலை பார்ப்பவர்): 2024-இல் இங்கே வாங்கிய பஞ்சாங்கம் ஜன்மாஷ்டமியை பாத்ரபத மாதம் என்றது. ஹைதராபாத்தில் இருக்கும் மாமா வீட்டுப் பஞ்சாங்கம் சிராவணம் என்றது. இரண்டிலும் தேதி ஆகஸ்ட் 26 தான். எது தப்பு?

பதில்: இரண்டும் சரி. அந்த வருடத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஆகஸ்ட் 4 அமாவாசை. 19 பௌர்ணமி, நம் பக்கம் யஜுர்வேதிகள் ஆவணி அவிட்டம் செய்த நாள். செப்டம்பர் 3 காலையில் மறுபடி அமாவாசை முடிகிறது. செப்டம்பர் 18 அடுத்த பௌர்ணமி.

ஆகஸ்ட் 19-ஆம் தேதிப் பௌர்ணமியை வடக்கே, தெற்கே யாரைக் கேட்டாலும் சிராவண பௌர்ணமி என்றுதான் சொல்வார்கள். சந்திரன் திருவோணத்தை ஒட்டி நிறைவதால் வந்த பெயர் அது. அதில் தகராறே கிடையாது. அந்தப் பௌர்ணமிக்கு முந்தைய வளர்பிறையும் இருவருக்கும் சிராவணம்தான். கூட்டிக்கொள்ள வேண்டிய தேய்பிறை எது என்பதில்தான் வழி பிரிகிறது.

ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய இடங்களில் பௌர்ணமிக்குப் பின்னால் வரும் தேய்பிறையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதம் அமாவாசையில் முடியும்; இது அமாந்தம். அவர்களுக்குச் சிராவணம் ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 3 வரை. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் முன்னால் போன தேய்பிறையைச் சேர்க்கிறார்கள். மாதம் பௌர்ணமியில் முடியும், இது பூர்ணிமாந்தம். அவர்களுக்குச் சிராவணம் ஆகஸ்ட் 19-உடன் முடிந்து, 20-ஆம் தேதியே பாத்ரபதம் பிறந்துவிட்டது. 26-ஆம் தேதி அஷ்டமி அந்தத் தேய்பிறைக்குள் விழுகிறது. வானத்தில் நிலவு ஒன்று, திதி ஒன்று, பூஜை நாளும் ஒன்று. மாதப் பெயர் மட்டும் இரண்டு.

கேள்வி: அப்படியானால் வடக்கே எல்லாப் பண்டிகையும் நமக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்துவிடும், இல்லையா?

பதில்: பாதி சரி. மாதம் முன்னால் பிறக்கிறது, பண்டிகை முன்னால் வருவதில்லை. வளர்பிறைப் பண்டிகைகளான விநாயக சதுர்த்தி, ராமநவமி, விஜயதசமி ஆகியவற்றுக்கு மாதப் பெயர்கூட மாறாது. தேய்பிறையில் வருபவற்றுக்கு மட்டும் வடக்கே அடுத்த மாதத்தின் பெயர். மகாசிவராத்திரி தெற்கே மாகம், வடக்கே பால்குனம். தீபாவளி அமாவாசை தெற்கே ஆசுவினம், வடக்கே கார்த்திகம்.

நீங்கள் சொல்லும் பதினைந்து நாள் உண்மையாகவே தெரிவது மாதம் முழுக்க இருக்கும் விரதங்களில். 2024-இல் காசியில் சிராவணத் திங்கள் விரதம் ஜூலை 22-இல் தொடங்கியது. புனேயில் ஆகஸ்ட் 5-இல்தான். காசிக்காரர்கள் முடித்த பிறகும் மராட்டியர் வீடுகளில் சிராவணம் நடந்துகொண்டிருந்தது.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம், திதியெல்லாம் சாந்திரமானம்தான். தாத்தா காசியில் காலமானார். அங்கே எழுதிக் கொடுத்த சீட்டில் ‘பாத்ரபத கிருஷ்ண பஞ்சமி’ என்றிருக்கிறது. மகாளய பட்சத்துப் பஞ்சமியில் சிராத்தம் செய்து வருகிறோம். சரிதானே?

பதில்: தயவுசெய்து இதை உடனே சரிபாருங்கள். சீட்டு எழுதியவர் காசி வழக்கப்படி எழுதியிருந்தால் அது உங்கள் பஞ்சாங்கத்தில் சிராவண கிருஷ்ண பஞ்சமி. கோகுலாஷ்டமிக்கு மூன்று திதி முந்தியது. உங்கள் பஞ்சாங்கத்தின் பாத்ரபத கிருஷ்ண பஞ்சமி அதற்கு ஒரு முழு மாதம் பிந்தியது. அதுதான் மகாளயத்தில் விழுகிறது. வடக்கே அதே மகாளயத்தை ஆசுவினம் என்பார்கள்.

மாதப் பெயரை வைத்து வாதிக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதியை எடுத்து, அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் அன்றைய திதியைப் பாருங்கள். அந்த நாள் ஆவணி அவிட்டப் பௌர்ணமியை அடுத்து வந்த தேய்பிறையா, அதற்கும் அடுத்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சீட்டு எழுதியவர் தென்னாட்டுப் புரோகிதராக இருந்து அமாந்தமாகவே எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு; ஆகையால் தேதியைப் பார்க்காமல் மாற்றிவிடாதீர்கள். பார்த்த பின் உங்கள் வாத்தியாரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். வளர்பிறைத் திதியாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கேள்வி: நாங்கள் வைணவர்கள். 2020-இல் ஊரெல்லாம் ஆகஸ்டில் கோகுலாஷ்டமி, எங்களுக்கு ஸ்ரீஜயந்தி செப்டம்பரில். இதே காரணம்தானா?

பதில்: இல்லை, அது வேறு கணக்கு. உங்கள் வழக்கத்தில் சூரியன் சிம்மத்தில் இருக்க வேண்டும், அதாவது ஆவணி பிறந்திருக்க வேண்டும், ரோகிணியையும் பார்ப்பார்கள். 2020-இல் ஆகஸ்ட் 11, 12 தேதிகளில் வந்த அஷ்டமி ஆடியிலேயே விழுந்துவிட்டது. அதனால் அடுத்த தேய்பிறைக்குப் போனீர்கள். அங்கே பண்டிகை நாளே மாறுகிறது. அமாந்த, பூர்ணிமாந்தப் பேதத்தில் நாள் மாறாது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சூரிய மாதத்தைப் பின்பற்றுவதால், சங்கல்பத்தில் சிம்ம மாதம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்தப் பெயர்ச் சிக்கல் நம் கண்ணில் படுவதே குறைவு.

கேள்வி (பஞ்சாங்கம் கணிப்பவர்): அதிக மாதம் வரும்போது பூர்ணிமாந்தத்தில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லுங்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

பதில்: நீங்கள் அறிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதிக மாதத்தை இரு தரப்பும் அமாவாசை முதல் அமாவாசை வரை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அந்த இடைவெளியில் சூரியன் ராசி மாறாவிட்டால் அது அதிகம். 2023-இல் கடக சங்கராந்தி அமாவாசைக்குச் சற்று முன்பே, ஜூலை 17 விடிவதற்குள், வந்துவிட்டது. சிம்ம சங்கராந்தி ஆகஸ்ட் 17-இல். நடுவில், ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை, அதிக சிராவணம்.

தெற்கே இது நேராக உட்கார்ந்துவிடும்: முதலில் அதிகம், பிறகு நிஜம். வடக்கே ஜூலை 4-இலேயே நிஜ சிராவணத்தின் தேய்பிறை தொடங்கிவிட்டது. அது முடிந்ததும் அதிக மாதம் முழுவதும் நடுவில் புகுந்தது. அதன் பிறகுதான் நிஜ சிராவணத்தின் வளர்பிறை, ஆகஸ்ட் 31 வரை. ஒரே மாதம் இரண்டு துண்டாகி, இடையில் இன்னொன்று. அதனால்தான் அந்த வருடம் வடக்கே ஜூலை 4 முதல் 59 நாள் சிராவணம், எட்டுத் திங்கள் என்று பேசினார்கள்.

கேள்வி: இரண்டில் எது பழையது? எது அறிவியல்?

பதில்: தைத்திரீய சம்ஹிதையிலேயே இரண்டு வழக்கும் பேசப்படுகின்றன. எது முந்தியது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. பௌர்ணமி நட்சத்திரத்தால் பெயர் வைத்ததால் பௌர்ணமியில் முடிப்பதே இயல்பு என்பார்கள் ஒரு சாரார். எனக்கு அது போதுமான வாதமாகத் தோன்றவில்லை. பௌர்ணமி மாதத்தின் நடுவில் இருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. கணக்கு வசதியில் அமாந்தம்தான் மேல் என்பது என் கருத்து. அதிக மாதத்தைப் போலவே புத்தாண்டிலும் வடக்கே அமாவாசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 2024-இல் மார்ச் 26-இலேயே அவர்களுக்குச் சைத்ரம் பிறந்துவிட்டது, ஆனால் விக்கிரம ஆண்டு 2081 பிறந்தது ஏப்ரல் 9-இல்தான். சைத்ரத்தின் முதல் பாதி பழைய ஆண்டின் வாலில் கிடந்தது. பழைய வட இந்திய ஆவணம் ஒன்றில் சைத்ர தேய்பிறைத் திதியைக் கண்டால், ஆண்டு எண்ணையும் கவனமாகப் பாருங்கள். அங்கே கோட்டைவிட்டால் ஒரு வருடமே தவறிப்போகும்.