ஐந்தாம் எண்ணும் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தது. அப்பா பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அம்மா வீட்டிலேயே தையல். பெண்ணுக்கு நிவேதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணக்கில் 84, பிசிக்ஸில் 70, கெமிஸ்ட்ரியில் 68, ஆக கட்-ஆஃப் 153. அப்பா உட்கார்ந்ததும், நியூமராலஜிஸ்ட் எழுதிக்கொடுத்து லேமினேட் செய்த ஒரு அட்டையை மேசையில் வைத்தார். "பாப்பாவுக்கு அஞ்சாம் நம்பருங்க சார், புதன். கம்ப்யூட்டர்தான் படிக்கோணும்னு எழுதியே குடுத்துட்டாருங்க. ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசி வெச்சிருக்கறோம், வருசத்துக்கு ரெண்டு லட்சம். காலேஜ் எப்படின்னு மட்டும் சொல்லுங்க போதும்."

பதற்றத்தோடு வருகிறவர்களிடம் முதலில் நாலு ஆறுதல் வார்த்தை சொல்வது வழக்கம். இவர்களுக்கு அது தேவைப்படவில்லை, முடிவெடுத்துவிட்டு ஒப்புதல் கேட்க வந்திருந்தார்கள். முடிவும் அவர்களுடையது இல்லை. பெண்ணின் தாய்மாமன் பையன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான், "பி.இ. கம்ப்யூட்டர் இல்லேன்னா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க" என்று மாமா கேட்டிருக்கிறார். அட்டை அதற்குப் போட்ட முத்திரை.

ஆனால் நியூமராலஜிஸ்ட்டிடம் போகலாம் என்று சொன்னது நிவேதாதான். மாமா ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம், ரீல்ஸ் ஒரு பக்கம் என்று இழுத்ததில், யாராவது ஒருத்தர் முடிவாகச் சொல்லிவிட்டால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிறந்த தேதி 14-08-2007. தேதியைக் கூட்டினால் 1 + 4 = 5, அதுதான் பிறவி எண். முழுத் தேதியையும் கூட்டினால் 22, அப்புறம் 4, அது விதி எண். பெயருக்கு ஆங்கில எழுத்துகளின் மதிப்பு: N5 I1 V6 E5 T4 H5 A1 = 27, ஆக 9, செவ்வாய். பிறவி எண்ணோடு பெயர் ஒத்துப்போகவில்லையாம், நடுவில் இன்னொரு E சேர்த்தால் 32 ஆகி 5-க்கு வந்துவிடுமாம். சேர்த்து எழுதச் சொல்லி, ஐந்தாயிரம் வாங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவள் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். மேலே போட்டது கல்தேய முறை. பித்தகோரஸ் பெயரில் இன்னொரு முறை இருக்கிறது, அதில் அதே பெயருக்கு 34, அதாவது 7, கேது. சரி, முதல் முறையிலேயே இனிஷியல் S-ஐச் சேர்த்தால்? 30, அதாவது 3, குரு, வாத்தியார் வேலை. ஒரே பெண், ஒரே பெயர், மூன்று கிரகம். இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் இன்னும் பெரிய ஆளாகத் தேடுவார்கள். இவள் ஒரு நோட்டை எடுத்திருக்கிறாள்.

அந்த நோட்டைக் காட்டத் தயங்கினாள், நான் கேட்டுத்தான் வாங்கினேன். வகுப்பில் 42 பேர். எல்லோருடைய பிறந்த தேதியும், பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கும் எழுதி, பிறவி எண்படி ஒன்பது கட்டமாகப் பிரித்திருந்தாள். 1 முதல் 4 வரையிலான கட்டங்களில் கூட்டம் அதிகம். அந்த எண்காரர்கள்தான் அதிகம் பிறக்கிறார்களோ என்று எழுதி, கீழேயே அடித்திருந்தாள். காரணம் காலண்டரில் இருக்கிறது: 1 என்றால் 1, 10, 19, 28 என்று நாலு தேதி, 5 என்றால் 5, 14, 23 என்று மூன்றே தேதி. 1 முதல் 4 வரை நாலு நாலு, 5 முதல் 9 வரை மூன்று மூன்று, மொத்தம் 31.

அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில் "5 = 88!!" என்று இருந்தது. வகுப்புச் சராசரி 78, ஐந்தாம் எண்காரர்களின் சராசரி 88. ஆக அட்டை சொன்னது நிஜம்தான்! இரண்டு நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அப்புறம்தான் ஒன்று உறுத்தியிருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் இருந்ததே நாலு பேர், அதில் ஒருத்தி 100. அவளை எடுத்துவிட்டால் சராசரி 84.

பிறகு அவள் செய்ததை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 42 மார்க்கையும் 42 துண்டுச் சீட்டில் எழுதி, குலுக்கி, ஒன்பது கட்டத்திலும் முன்பு இருந்த அதே எண்ணிக்கையில் பிரித்துப் போட்டாள். இப்போது எந்த மார்க்குக்கும் எந்தப் பிறந்த தேதிக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படிப் போட்டும் ஏதாவது ஒரு கட்டத்தின் சராசரி 88-ஐத் தொடுகிறதா? 20 தடவை குலுக்கியதில் 11 தடவை தொட்டது. ஒரு முறை ஏழாம் எண், இன்னொரு முறை ஒன்பதாம் எண். பெரும்பாலும் ஆள் குறைவான கட்டங்கள்தான் உச்சியிலும் நின்றன, அடியிலும் கிடந்தன. நாலு பேர் சராசரியை ஒரே ஒருத்தர் தூக்கிவிடவும் முடியும், கவிழ்க்கவும் முடியும், அவ்வளவுதான் விஷயம்.

"சும்மா பார்த்தேன் சார்" என்றாள். புள்ளியியலில் இதற்கு வரிசைமாற்றுச் சோதனை என்று பெயர். ஆர். ஏ. ஃபிஷர் 1930-களில் இந்த வழியில் யோசித்தார். ஆயிரக்கணக்கான தடவை குலுக்க வேண்டியதை இன்று கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும், ஆனால் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது மனிதனுக்குத்தான். ஒரு சுவாரசியமான விடை கையில் கிடைத்தபிறகும், இது தற்செயலாக இருக்கலாமோ என்று கேட்கிற பிள்ளை என்னிடம் அடிக்கடி வருவதில்லை.

அவளுடைய அப்பாவிடம் நேராகவே சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்த மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம். நாலு வருடத்துக்கு எட்டு லட்சம், பஸ்ஸும் பரீட்சைக் கட்டணமும் தனி. அவர் சம்பளம் மாதம் 28,000. கடன் வாங்கினால் வட்டி படிக்கும்போதே ஏற ஆரம்பிக்கும். அந்த வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி, அதற்கு அரசு தரும் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக எடுக்கும் சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. சலுகையை விட்டுக்கொடுத்து, கூடவே எட்டு லட்சமும் கொடுத்து, பெண் கேட்காத படிப்பை வாங்குவதற்கு மாமா ஒரு ரூபாய் தரப்போகிறாரா என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார்.

(தேதி நிஜமாகவே கணக்கில் வருகிற ஒரு இடம் பொறியியல் கலந்தாய்வில் உண்டு. இரண்டு பேர் மார்க் எல்லா வகையிலும் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றானால், ரேண்டம் எண் பெரிதாக உள்ளவருக்கு. எந்த எழுத்தைச் சேர்த்தாலும் அந்த எண் மாறாது.)

அந்தக் கூடுதல் E-யையும் தொடாதீர்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் தொடங்கி வேலையில் சேரும் நாள் வரை விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் சொன்னது பி.எஸ்சி. புள்ளியியல். அப்பா முகம் சுருங்கியது, "பி.எஸ்சி.யா" என்றார். பலரும் இதைக் கணக்குப் பாடத்தின் ஏழைத் தம்பி மாதிரி பார்க்கிறார்கள். இவர்களுக்குப் பக்கத்திலேயே கோவை அரசுக் கலைக் கல்லூரியில் இருக்கிறது, சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, லயோலா என்று பழைய துறைகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம், அந்த மேனேஜ்மென்ட் சீட்டின் ஒரு மாதக் கணக்குக்குக்கூட வராது. விண்ணப்பம் ஆன்லைனில்தான், அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே தளம்.

முதல் வருடம் நிகழ்தகவும் பரவல்களும், அப்புறம் மாதிரி எடுப்பது, மதிப்பிடுவது, கருதுகோள் சோதனை. மூன்றாம் வருடம் சோதனைகளை வடிவமைப்பது, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு. ஒரு லாட் பனியனில் எத்தனை பீஸைப் பிரித்துப் பார்த்தால் மொத்த லாட்டையும் ஏற்கலாம் என்பது இந்தக் கடைசிப் பாடத்தில் வரும். அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய கம்பெனியில் செக்கிங் டேபிளில் தினமும் நடக்கிற வேலை அது. R, பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழிகள் இரண்டையும் கூடவே பழகிக்கொள்ள வேண்டும், எல்லாக் கல்லூரியிலும் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்று நம்பாதீர்கள்.

இதில் உள்ள சங்கடத்தையும் மறைக்கவில்லை. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் முதல் சம்பளம் சுமார்தான், எம்.எஸ்சி. வரை போவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் புள்ளியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். என்ற முதுகலைப் படிப்பு கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் தருவார்கள், நுழைவுத் தேர்வு மட்டும் கடுமை. (அவர் பிறந்தது ஜூன் 29. கூட்டினால் 2, சந்திரன். அந்த அட்டைக்காரர் அவரைக் கவிதை எழுத அனுப்பியிருப்பார்.) அதற்குப் பிறகு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி, மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, தனியாரில் மருந்துச் சோதனை, வங்கிக் கடன் இடர், காப்பீடு என்று வழிகள் உண்டு.

எந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவராது என்பதும் தெரிய வேண்டும். வேகமாகக் கூட்டிப் பெருக்குவது பிடித்து வருகிறவர்கள் இரண்டாவது செமஸ்டரில் நிரூபணங்களைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் நிகழ்தகவுப் பரவல்கள் பாடத்தை எடுத்து, விடைக்குறிப்பைப் பார்க்காமல் ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். சலித்துப் போனால் விட்டுவிடலாம், நஷ்டம் ஒரு வாரம்தான். இன்னொன்று, 'டேட்டா சயின்ஸ்' என்று பெயர் மாற்றி மூன்று மடங்கு கட்டணம் கேட்கும் கல்லூரிகளில் சேர்க்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, புள்ளியியல் தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ இருந்தால் அது வேறு படிப்பு.

நிவேதா அந்த ஒரு வாரமும் உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்கு இன்னும் முழு மனசு இல்லை. கோவைக்கும், கலந்தாய்வுக்கும் இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னேன், கலந்தாய்வில் நல்ல கல்லூரி சலுகையோடு கிடைத்தால் அப்போது பேசலாம் என்று. "மச்சானுக்கு என்னன்னுங்க சார் சொல்றது?" என்றார்.

"எட்டு லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க, அப்புறம் அவரே கேக்க மாட்டாரு" என்றேன்.