கடிதம் கெஞ்சுவதுபோல் இருக்கிறதாம்

"யாங்கோனில் கணக்கு எழுதுகிறேன். சிங்கப்பூர் வேலைக்கு இங்கிலீஷ் கடிதம் 'ஐ ஹம்ப்ளி சப்மிட் ஃபார் யுவர் கைண்ட் கன்சிடரேஷன்' என்று தொடங்குகிறது. கெஞ்சுவதுபோல் இருக்கிறது என்கிறார் அண்ணன். எங்கே தப்பு?"

அந்த முதல் வரியையே எடுத்துவிடுங்கள் தம்பி. எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பது அங்கே வரட்டும்: 'ஐ ஆம் அப்ளையிங் ஃபார் தி அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் போஸ்ட். ஐ க்ளோஸ் தி மன்த்லி அக்கவுண்ட்ஸ் ஃபார் எ ரைஸ் டிரேடர்.' அரிசிக் கடை என்பது என் ஊகம். உங்கள் வேலையைப் போடுங்கள்.

'தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன்' என்று மனசுக்குள் தமிழில் ஓடியதை அப்படியே மாற்றியிருப்பீர்கள். தமிழில் அது மரியாதை. இங்கிலீஷில் தன்னையே தாழ்த்திக்கொள்வது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வரைவின் மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்: 'வேலை தெரிந்தவன், பெரியவர் ஒருவரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறான்.' பிறகு ஒவ்வொரு வரியையும் அந்தக் குரலில் வாசியுங்கள். 'ஹம்ப்ளி', 'கைண்ட்லி' வரும் இடத்தில் நாக்கு தடுக்கும். அனுப்புமுன் குறிப்பை மறக்காமல் அழியுங்கள்.

ஆனால் மரியாதையை மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். கடைசியில் ஒரு நன்றி இருக்கட்டும். 'டியர் சார் ஆர் மேடம்' என்றால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் தெரிந்து எழுதினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.