சம்பளம் கூடினால் எதை அதிகம் வாங்குவோம், எதைக் குறைப்போம்?

கேள்வி: வருமானம் கூடினால் எல்லாவற்றையும் அதிகமாகத்தானே வாங்குவோம்? அப்புறம் ஏன் சிலவற்றைத் தாழ்நிலைப் பண்டம் என்கிறார்கள்?

எல்லாவற்றையும் அல்ல. வருமானம் கூடும்போது நாம் அதிகம் வாங்குவது இயல்புப் பண்டம். குறைத்துக்கொள்வது தாழ்நிலைப் பண்டம். வேறு வழியில்லாமல் வாங்கிய ஒன்றுக்கு, பிடித்த மாற்று கைக்கு எட்டியதும் தேவை குறைகிறது. பிள்ளை வளர வளரப் பெரிய சட்டை வேண்டும், நடைவண்டியோ பரணுக்குப் போய்விடும். நடைவண்டி மோசமானது என்பதால் அல்ல.

ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பார்ப்போம். மாத வருமானம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆகிறது, அதாவது 25% உயர்வு. விலைகள் மாறவில்லை. பால் 20 லிட்டரிலிருந்து 24 ஆகிறது, 20% கூடுதல். ரேஷன் அரிசி 20 கிலோவிலிருந்து 15 ஆகிறது, 25% குறைவு. அந்த இடத்தில் கடைப் பொன்னி வருகிறது. அளவு மாறிய சதவீதத்தை வருமானம் மாறிய சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் வருமான நெகிழ்ச்சி. பாலுக்கு 0.8, ரேஷன் அரிசிக்கு -1. எதிர்க்குறி வந்தால் தாழ்நிலை. 1-க்கு மேல் போனால், வெளியூர்ச் சுற்றுலா போல, வருமானத்தைவிட வேகமாக வளரும் செலவு.

இந்த எண் பொருளோடு ஒட்டிப் பிறந்தது அல்ல. நடந்தே வேலைக்குப் போனவருக்குக் கொஞ்சம் காசு சேர்ந்தால் டவுன் பஸ் இயல்புப் பண்டம். பைக் வாங்கும் நிலைக்கு வந்தவருக்கு அதே பஸ் தாழ்நிலைப் பண்டம்.

பலர் குழம்புவது இங்கேதான்: பட்ஜெட்டில் ஒரு பொருளின் பங்கு சுருங்கினாலே அது தாழ்நிலை ஆகிவிடாது, மேலே பாலின் பங்கு சுருங்கியது, ஆனால் வாங்கிய அளவு கூடியது.